கைமாற்றுக்குப் போகும் பணத்தை முதலீட்டுக்குத் திருப்புவது எப்படி: ஒரு கடைக்காரரின் கதை

சாயங்காலம் கல்லாவில் பணம் நிற்பதைப் பார்த்துத்தான் சொந்தக்காரர்கள் வருவார்கள். இந்தக் கதையில் வரும் கடைக்காரரும் முகத்துக்கு அஞ்சி கைமாற்று கொடுத்துக்கொண்டிருந்தவர்தான். திருப்பித் தரும் தேதி எதிலும் கிடையாது.

1. மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்

எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். அவர் வாங்கும் விலையில் 25 சதவீதம் சேர்த்து விற்கிறார். அன்றைய விற்பனை 10,000. அதில் 25 சதவீதம், அதாவது 2,500 லாபம் என்று போட்டார். தப்பு. 8,000-க்கு வாங்கிய சரக்குதான் 10,000-க்குப் போயிருக்கிறது, லாபம் 2,000தான். வாடகை, சம்பளம், மின்கட்டணத்தின் ஒரு நாள் பங்கு 800, வீட்டுச் செலவு 700. இரண்டும் போக 500 மிச்சம். அவர் எடுத்துவைத்ததோ 1,000! கூடுதலாகப் போன 500 சரக்கு வாங்கும் பணம். மொத்த வியாபாரிக்குப் பணம் கட்டும் நாளில் கை கடித்தது, அலமாரியில் இடைவெளி தெரிந்தது. அப்போதுதான் பிடிபட்டது.

இதற்கு ஆப் எதுவும் வேண்டாம், ஒரு நோட்டு போதும் என்பது என் கட்சி.

2. தனிக் கணக்கு

கடைக் கணக்கோடு சேர்க்காமல், அந்த 500-ஐ அன்றே வேறு கணக்கில் போடுங்கள். மறுநாள் சில்லறைக்கு வேண்டியதைக் கல்லாவிலேயே விட்டுவிடுங்கள். வியாபாரிக்கு வட்டியோடு பாக்கி இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

3. எங்கே போடுவது

மூன்று மாதக் கடைச் செலவு சேரும்வரை, நினைத்தபோது எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கு அல்லது குறுகிய காலக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் ஃபண்டு. பங்குச் சந்தை அதற்குப் பிறகுதான். அதுவும் சில வருடங்களுக்குத் தொடத் தேவையில்லாத பணம் மட்டும். சந்தை இறங்கிய வாரத்தில் கொள்முதலுக்காக விற்க நேர்ந்தால் நஷ்டம் உறுதியாகிவிடும்.

4. மச்சான் வரும்போது

"மச்சான், ஒரு இருபதாயிரம்..."

"கையில இல்ல மச்சான். ஃபண்டுல கெடக்கு, எடுத்தாலும் வர ஒண்ணு ரெண்டு நாள் ஆகும்."

பொய் சொல்லவில்லை. அந்த ஒன்றிரண்டு நாளில் பாதிப் பேர் வேறு இடம் பார்த்துவிடுகிறார்கள். மருத்துவச் செலவு என்றால் அவர் கொடுக்கிறார்; ஆனால் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து, திரும்பி வராது என்று எழுதிவிட்டு.

பின்சேர்க்கை: "பாக்கிக்கு விற்றால்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்த 10,000-த்தில் 400 பாக்கி என்றால் அன்று ஒதுக்க வேண்டியது 100 மட்டும். பாக்கி வசூலாகும் நாளில் அந்த 400-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை பணம் போடும்போதும் கட்டணம் பிடிக்கிறார்கள் என்றால், தினமும் ஒரு உறையில் போட்டுவைத்து வாரம் ஒரு முறை கட்டலாம். உறை கடையில் வேண்டாம், வீட்டில் இருக்கட்டும்.