ரிவ்யூ வீடியோவுக்கு விலை பேசியபோது

எங்கள் செக்கு எண்ணெயை ரிவ்யூ செய்ய, யூடியூபில் சமையல் வீடியோ போடும் ஒரு பெண் 8,000 ரூபாய் கேட்டார். சப்ஸ்கிரைபர் கணக்கை விட்டுவிட்டு, கடைசி 10 வீடியோக்களின் பார்வைகளைப் பார்த்தேன்; பெரும்பாலும் 4,000 பக்கம். சமையல், படப்பிடிப்பு, எடிட்டிங் என்று இரண்டு நாள் வேலை. கேட்டது நியாயம்தான், கொடுத்தேன்.

தப்பு பிறகு நடந்தது. அந்த வீடியோவை வெட்டி இன்ஸ்டாகிராமில் விளம்பரமாக ஓட்டிவிட்டேன். "அண்ணா, இதுக்கு நான் சம்மதிக்கவே இல்லையே" என்றார். அன்றே நிறுத்தி, வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டோம்: எங்கள் பக்கத்தில் முழு வீடியோவைப் பகிர்வது பழைய கட்டணத்துக்குள், விளம்பரத்துக்கு 60 நாளுக்குத் தனியாக 3,000, வெட்டியதை அவர் பார்த்துச் சம்மதித்த பிறகே ஓட்டுவது. எண்ணெய் வாசம் தூக்கல் என்று அவர் வீடியோவில் சொன்ன குறையை வெட்டி நீக்கக் கூடாது என்பதையும் சேர்த்தோம்.