முறையியல் அத்தியாயம்: முதலில் சட்டம், பிறகு நாட்கணக்கு

என் முறையியல் அத்தியாயத்தின் முதல் வரைவில், 'டொக்ட்ரினல், எம்பிரிக்கல் இரண்டு முறைகளும் பயன்படுத்தப்பட்டன' என்று எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர் ஓரத்தில் 'எந்தக் கேள்விக்கு எது?' என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். அதற்குப் பதில் எழுதவே இரண்டு மாதம் போயிற்று.

தலைப்பு: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 14 வேலை நாள் காலக்கெடுவைத் திருகோணமலை மாவட்டப் பிரதேச சபைகள் கடைப்பிடிக்கின்றனவா?

முதல் வேலை, தலைப்பை இரண்டாக உடைப்பது. சட்டம் என்ன கேட்கிறது என்பது டொக்ட்ரினல் கேள்வி. அதற்குச் சட்டமும் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவின் கட்டளைகளும் மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகளும் போதும். சபைகள் என்ன செய்கின்றன என்பது எம்பிரிக்கல். அதற்கு விண்ணப்பம் போட்டுப் பார்க்க வேண்டும்.

நான் தடுக்கி விழுந்தது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். விண்ணப்பங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பதில் வந்ததும் நாட்களை எண்ண உட்கார்ந்தேன். எண்ண முடியவில்லை. 2024 மே 13, திங்கட்கிழமை விண்ணப்பம் கிடைத்து, தகவலைத் தருவதா மறுப்பதா என்ற தீர்மானம் ஜூன் 4 வந்தது என்று வையுங்கள். சனி, ஞாயிறையும் வெசாக்குக்கான மே 23, 24 விடுமுறைகளையும் கழித்து, மறுநாளிலிருந்து எண்ணினால் சரியாக 14ஆம் நாள். கிடைத்த நாளையும் சேர்த்தால் 15, தாமதம்! அதோடு, 25ஆம் பிரிவின் 14 நாள் தீர்மானத்துக்குரியது; தகவல் கைக்கு வரும் நாளை எடுத்தால் வேறொன்றை அளந்தவர்களாவோம். ஆக, எதை, எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதை டொக்ட்ரினல் பகுதி முதலில் தீர்த்துத் தர வேண்டும். அத்தியாயத்திலும் அதே வரிசையில் எழுதுங்கள்.

எண்ணுவதற்கு எக்செல் போதும். எஸ்பிஎஸ்எஸ் எல்லாம் இந்த அளவுத் தரவுக்கு வீண் பந்தா. பி நிரலில் கிடைத்த நாள், சி நிரலில் தீர்மான நாள், எச் நிரலில் போயா உட்பட விடுமுறைகள்:

```
=NETWORKDAYS(B2,C2,H$2:H$30)-1
```

கடைசியில் ஒன்றைக் கழிப்பது, இந்தச் சூத்திரம் தொடக்க நாளையும் எண்ணிவிடுவதால்.

டொக்ட்ரினல் பகுதிக்கும் முறை எழுத வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள். எந்தத் தளத்தில், என்ன சொல் போட்டு, எந்தத் திகதி வரை தேடினீர்கள்? எந்த மொழி உரையை வாசித்தீர்கள்? நம் சட்டங்களின் கடைசியில், சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். நான் தமிழ் உரையை மட்டும் வாசித்துவிட்டு, பிறகு சிங்களம் தெரிந்த நண்பனோடு உட்கார்ந்து காலக்கெடுப் பிரிவுகளை ஒப்பிட்டேன். அதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டேன்.

பிற்சேர்க்கை: தகவல் உத்தியோகத்தர்களை நேர்காணவும் வேண்டுமா என்று இருவர் கேட்டார்கள். தாமதம் உண்டா என்பதற்கு வேண்டாம், திகதிகளே சொல்லும். ஏன் தாமதம் என்று கேட்டால் வேண்டும். அப்போது ஒழுக்கநெறி அனுமதியை முதலில் எடுங்கள். பேசி முடித்த பிறகு எடுக்க முடியாது.