மேடையில் ஒரு குறள்: எங்கே வைப்பது, எப்படித் தொடங்குவது, எப்போது விட்டுவிடுவது

சென்ற ஆண்டு திருமங்கலத்தில் எங்கள் அலுவலக அண்ணன் ஒருவருக்குப் பணி நிறைவு விழா. எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்ததும் "காலத்தி... னாற்செய்த..." என்று தொடங்கி, அப்படியே நின்றுவிட்டேன். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மீதியை உரக்கச் சொல்லி முடித்துவைத்தார். மண்டபமே சிரித்தது. மதுரைப் பக்கம் இது சகஜம். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த கூட்டம், குறளைப் பாதியில் விட்டால் எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு இரண்டு மேடைகளில் தடுமாறாமல் பேசியிருக்கிறேன். என்ன மாற்றினேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில், எழுதிக்கொள்ளும் முறை. என்னைக் கவிழ்த்தது இதுதான். புத்தகத்தில் குறள் சீர் பிரித்து அச்சாகியிருக்கும்:

காலத்தி னாற்செய்த நன்றி சிறிதெனினும்
ஞாலத்தின் மாணப் பெரிது.

இது யாப்புக்கான பிரிப்பு. வாய்க்கு இது ஒத்துவராது. 'காலத்தி' என்று ஒரு சொல் தமிழில் இல்லை. அங்கே மூச்சு விட்டால் கேட்பவருக்கும் புரியாது, சொல்பவருக்கும் அடுத்த சொல் வராது. ஆகவே பொருளுக்கு ஏற்றபடி பிரித்து, ஒரு தபால் அட்டை அளவுக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்:

காலத்தினால் செய்த நன்றி /
சிறிது எனினும் /
ஞாலத்தின் மாணப் பெரிது.

கோடு உள்ள இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். கைபேசியில் குறித்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். சரியாக அந்த நொடியில்தான் திரை அணையும்.

அடுத்தது இடம். முதல் வாக்கியமாக வைக்காதீர்கள். நீங்கள் பேச எழுந்த முதல் அரை நிமிடத்தில் ஒருவர் மைக்கின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருப்பார், இன்னொருவர் தேநீர்த் தட்டோடு குறுக்கே போவார். யாரும் கேட்காத நேரத்தில் நல்ல வரியை ஏன் செலவழிக்க வேண்டும்? சம்பவத்தை முதலில் சொல்லுங்கள். அது முடியும் இடத்தில் குறள் வரட்டும். அன்று நான் இப்படிப் பேசியிருக்க வேண்டும்:

"என் மகள் காய்ச்சலில் கிடந்த இரவு. மணி பதினொன்று. ஆட்டோவுக்குக்கூடக் கையில் பணமில்லை. அண்ணன் சைக்கிளில் வந்து முந்நூறு ரூபாயைச் சட்டைப்பையில் திணித்துவிட்டுப் போனார். முந்நூறு ரூபாய் சிறிய தொகைதான். காலத்தினால் செய்த நன்றி, சிறிது எனினும், ஞாலத்தின் மாணப் பெரிது. அந்தப் பணத்தை அண்ணன் இன்றுவரை திருப்பிக் கேட்கவில்லை."

குறளுக்கு முந்தைய வாக்கியத்தில் 'சிறிய' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். அந்தக் கொக்கியில்தான் 'சிறிது எனினும்' வந்து மாட்டிக்கொள்கிறது. மேற்கோளில் உள்ள ஒரு சொல்லை முன்னதாகவே உங்கள் பேச்சில் போட்டுவிட்டால், "உலகப் பொதுமறை தந்த தெய்வப்புலவர் என்ன சொல்கிறார் என்றால்" என்ற நீண்ட வரவேற்பு தேவைப்படாது. குறளுக்கு எங்கள் ஊரில் வள்ளுவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அதிகம் பேர் அறியாத வரி என்றால் மட்டும், யார் சொன்னது என்பதை முன்னாலேயே ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். வரி முடிந்த பிறகு பெயரை ஒட்டினால் அதன் சூடு ஆறிவிடும்.

சொல்லி முடித்ததும் பதவுரை ஆரம்பிக்காதீர்கள். ஒரு மூச்சு நிறுத்தி, மேலே செய்ததுபோல உங்கள் ஆளிடமே திரும்பிவிடுங்கள். விளக்கினால்தான் புரியும் என்றால் அந்த வரி அந்தக் கூட்டத்துக்கானது இல்லை.

எப்போது விடுவது? உங்களுக்கு முன் பேசியவர் அதே வரியைச் சொல்லிவிட்டால் விடுங்கள். 'யாதும் ஊரே' இந்த ஆபத்தில் முதலிடம். ஒரே விழாவில் மூன்று முறை கேட்டிருக்கிறேன். அப்போது கொக்கிச் சொல்லோடு சம்பவத்தை மட்டும் சொல்லுங்கள், பேச்சு நொண்டாது. இரங்கல் கூட்டத்தில் நான் மேற்கோளே சொல்வதில்லை. அங்கே இறந்தவர் சொன்ன ஒரு சாதாரண வார்த்தை போதும். வாட்ஸ்அப்பில் அப்துல் கலாம் படத்தோடு வரும் பொன்மொழி, எந்த நூலில் அல்லது உரையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் அதையும் விட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த மேலூர் நண்பர் ஒருவர், "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்று தொடங்க நினைத்து "எப்பொருள் எத்தன்மைத்தாயினும்" என்று சொல்லிவிட்டதாக எழுதியிருந்தார். தவறு அவருடையது மட்டுமில்லை. 423, 355 இரண்டு குறளும் 'எப்பொருள்' என்று தொடங்கி, 'அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு' என்றே முடிகின்றன. முதலாவது, யார் சொன்னாலும் ஆராய்ந்து பார் என்கிறது. மற்றது, ஒரு பொருள் எப்படித் தோன்றினாலும் உண்மையைப் பார் என்கிறது. வதந்தியைப் பற்றிப் பேசும்போது முதலாவதுதான் பொருந்தும். அட்டையில் 'யார்யார்வாய்' என்பதை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள். அப்படியும் மாறிவிட்டால் நின்று திருத்த வேண்டாம். "யார் சொன்னாலும் விசாரித்துவிட்டு நம்புங்கள்" என்று பொருளைச் சொல்லி நகர்ந்துவிடுங்கள். முன்வரிசை ஆசிரியர் திருத்த வாயெடுப்பதற்குள் நீங்கள் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பீர்கள்.