தட்டைப் பாதத்துக்கு ஓட்டக் காலணி: என் அனுபவம்

இரண்டு கிலோமீட்டர் ஓடியதும் கணுக்காலின் உட்பக்கம் வலிக்கத் தொடங்கிவிடும். பழைய ஷூக்களைக் கவிழ்த்துப் பார்த்தபோது, இரண்டிலும் அடிப்பாகத்தின் உள் விளிம்பு வெளி விளிம்பைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தது. தட்டைப் பாதத்துக்கு ஷூவுக்குள் உள்ளங்காலைத் தாங்கும் மேடு உயரமாக இருந்தால் நல்லது என்று எண்ணி அடுத்து வாங்கிய ஜோடி, உள்ளங்காலில் கல்லை வைத்ததுபோல உறுத்தியது.

அதன்பின், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது அணியும் காலுறையுடனேயே கடைக்குச் சென்றேன். முதலில் புது ஷூவின் உள்மெத்தையான இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நின்றேன். எடை ஏறியதும் தட்டைப் பாதம் நீண்டு அகலும் என்பதால், உட்கார்ந்து அளப்பது ஏமாற்றிவிடும். எனக்குச் சுண்டுவிரல் விளிம்பைத் தாண்டி வெளியே நின்றது. ஆகவே நீளத்தைக் கூட்டாமல், அதே அளவில் அகலமான வகையைக் கேட்டேன். நின்ற நிலையில், நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருந்தது. உள்ளே விரல்களைத் தாராளமாக அசைக்க முடிந்தது.

உள்ளங்கால் வளைவைத் தாங்கும் அந்த மேடு பாதத்தின் நடுப்பகுதியை மெல்லத் தொட வேண்டுமே தவிர, குத்தக் கூடாது. குதிகாலைச் சுற்றிய பின்சுவரை அழுத்தினேன். அது எளிதில் மடங்கவில்லை. ஷூவை முன்னும் பின்னும் பிடித்து முறுக்கியபோது நடுப்பகுதி துணிபோலத் திருகிக்கொள்ளவில்லை, விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டுமே வளைந்தது. கடைக்குள்ளேயே சிறிது ஓடிப் பார்த்த பிறகுதான் வாங்கினேன்.

கணுக்கால் வலி மூன்று வாரங்களில் அடங்கியது. உள்ளங்கால் வளைவு அண்மையில் தாழ்ந்திருந்தாலோ ஒரு காலில் மட்டும் வலித்தாலோ, காலணியை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.