2008 பட்டத்தை மறுபடி கூட்டிப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

2008 நவம்பரில், பார்முலா ஒன் கார் பந்தயப் பருவத்தின் கடைசிப் பந்தயத்தில், பிரேசிலின் இன்டர்லாகோஸ் தடத்தில் பெலிப்பே மாசா முதலாவதாகக் கோட்டைக் கடந்தபோது பெராரி முகாமில் கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. மழையில் நனைந்த தடத்தில் லூயிஸ் ஹாமில்டன் ஆறாவது இடத்தில் வந்துகொண்டிருந்தார். பட்டம் வெல்ல அது அவருக்குப் போதாது. கடைசி லேப்பின் கடைசி வளைவுகளில், உலர் டயர்களோடு வழுக்கிக்கொண்டிருந்த டிமோ குளோக்கை முந்தி ஐந்தாவதாக வந்தார். பருவத்தின் மொத்தப் புள்ளி ஹாமில்டன் 98, மாசா 97. பட்டம் ஹாமில்டனுக்கு.

அன்றிலிருந்து ரசிகர்கள் இந்தப் பருவத்தை வேறு வேறு புள்ளி முறைகளில் போட்டுக் கூட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன், தப்பாகவும் செய்திருக்கிறேன். பார்முலா ஒன் புள்ளி முறை பட்டத்தை எப்படி மாற்றுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பருவம் கிடைக்காது. ஆனால் கணக்கில் சறுக்கும் இடங்களும் நிறைய.

முதல் சறுக்கல், முதலிடத்துக்கு எத்தனை புள்ளி என்பதை மட்டும் பார்ப்பது. 10 புள்ளி போய் 25 வந்ததும் வெற்றிக்கு மதிப்புக் கூடிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பார்க்க வேண்டியது, வென்றவர் பெறுவதில் இரண்டாமவர் எவ்வளவு பெறுகிறார் என்பதை. 1991 முதல் 2002 வரை முதல் ஆறு பேருக்கு 10-6-4-3-2-1. அதாவது இரண்டாமிடம் வெற்றியில் 60 சதவீதம். 2003 முதல் 2009 வரை எட்டுப் பேருக்கு 10-8-6-5-4-3-2-1. வெற்றிக்கு அதே 10 தான், ஆனால் இரண்டாமிடம் 80 சதவீதமாகிவிட்டது. 2010 முதல் பத்துப் பேருக்கு 25-18-15-12-10-8-6-4-2-1. இதில் இரண்டாமிடம் 72 சதவீதம். ஆக, 2003இல் வெற்றியின் மதிப்பு குறைந்தது, 2010இல் கொஞ்சம் திரும்பி வந்தது. 10, 25 என்ற எண்களை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

இதன் விளைவை 2003 பருவமே காட்டியது. ஷூமாக்கர் ஆறு பந்தயங்களில் வென்றார், ராய்க்கோனன் ஒன்றே ஒன்றில். ஆனாலும் முடிவில் 93-91, இரண்டே புள்ளி வித்தியாசம், கடைசிப் பந்தயம் வரை போட்டி. ராய்க்கோனன் ஏழு முறை இரண்டாவதாக வந்திருந்தார். அதே முடிவுகளை முந்தைய ஆண்டின் முறையில் போட்டால் 77-67 வருகிறது.

இதே காரணத்தால் வெவ்வேறு காலத்துப் புள்ளிகளை நேராக ஒப்பிடுவதும் வீண். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் இண்டியானாபோலிஸில், ஆறே கார்கள் ஓடிய அந்த விசித்திரப் பந்தயத்தில், நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். அவர் பார்முலா ஒன்னில் எடுத்த புள்ளி அவ்வளவுதான். அதே நான்காமிடம் 2002இல் 3 புள்ளி, இன்று 12. ஓட்டியதில் எந்த மாற்றமும் இல்லை.

சரி, 2008க்கு வருவோம். அந்தப் பருவத்தை 2002 முறையில் போட்டால் மாசா 83, ஹாமில்டன் 80. சாம்பியன் மாறிவிடுகிறார். உடனே பலரும் சொல்லும் விளக்கம்: "ஏழாவது, எட்டாவது இடத்துக்கெல்லாம் புள்ளி கொடுத்ததால்தான் மாசா தோற்றார்." இதுதான் அடிக்கடி கண்ணில் படும் தவறு. பிரித்துப் பார்த்தால் கதை வேறு.

2002 முறையிலிருந்து 2008 முறைக்கு வரும்போது ஹாமில்டனுக்கு 18 புள்ளி கூடுகிறது, மாசாவுக்கு 14. அந்த நான்குதான் மூன்று புள்ளிப் பின்னடைவை ஒரு புள்ளி முன்னிலையாக்கியது. எங்கிருந்து வந்தது? இருவருமே இரண்டு முறை இரண்டாவதாக வந்தவர்கள், அதில் வித்தியாசம் இல்லை. ஏழாமிடத்திலும் ஆளுக்கு ஒரு முறை: ஹாமில்டன் இத்தாலியில், மாசா ஜப்பானில். ஆளுக்கு 2 புள்ளி, அதுவும் சமம். எட்டாவதாக இருவருமே வரவில்லை. ஹாமில்டன் மூன்றாமிடத்தில் மூன்று முறை, மாசா இரண்டு முறை. மூன்றாமிடம் 4இலிருந்து 6 ஆனதால் ஹாமில்டனுக்கு 2 அதிகம். ஐந்தாமிடத்தில் ஹாமில்டன் மூன்று முறை, மாசா ஒரு முறை. அங்கே இன்னும் 4. மாசாவின் ஒரே ஆறாமிடம் அவருக்கு 2ஐத் திருப்பிக் கொடுத்தது. முடிந்தது கணக்கு.

புதிதாகச் சேர்ந்த ஏழாவது, எட்டாவது இடங்கள் பட்டத்தைத் தொடவே இல்லை. அவற்றுக்கு இடம் கொடுக்க மேலே உள்ள படிகளை உயர்த்தினார்களே, அதுதான் தொட்டது. புள்ளி பெறுவோர் எண்ணிக்கையைக் கூட்டும்போது மாற்றம் கடைசியில் மட்டும் நிகழ்வதில்லை, ஏணி முழுவதும் சாய்கிறது. கடைசி இடங்களில் விழும் ஒன்றிரண்டு புள்ளி பின்வரிசை அணிகளுக்குப் பெரிய விஷயம். பட்டத்துக்கு மோதுகிறவர்கள் அங்கே அதிகம் நிற்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கூட்டும்போது கோட்டைக் கடந்த வரிசையை எடுக்காதீர்கள், இறுதி அறிவிப்பை எடுங்கள். பெல்ஜியத்தில் முதலில் வந்தவர் ஹாமில்டன். 25 வினாடி தண்டனையால் மூன்றாவதாக்கப்பட்டார், வெற்றி மாசாவுக்குப் போனது. இதை மறந்தவர்களின் கூட்டல் ஒருபோதும் 98-97க்கு வராது. முதலில் அந்த ஆண்டின் முறையிலேயே கூட்டி, அதிகாரபூர்வ எண் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் வேறு முறைக்குப் போவது நல்லது.

அடுத்தது பெரிய தவறு. முறை மாறினாலும் எல்லோரும் அப்படியேதான் ஓட்டியிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்வது. இன்டர்லாகோஸை எடுங்கள். உண்மையில் பந்தயத்துக்கு முன் 94-87. மாசா வென்றால் ஹாமில்டனுக்கு ஐந்தாமிடம் தேவை. ஆறாமிடம் வந்தால் 97-97 ஆகி, ஆறு வெற்றிகளுள்ள மாசாவுக்குப் பட்டம். ஹாமில்டனின் மெக்லாரன் அணி அதற்கேற்றபடி நிதானமாகத்தான் ஓடியது. 2002 முறையில் பந்தயத்துக்கு முன் 78-73. மாசா வென்று 83க்குப் போனால் ஹாமில்டனுக்கு இரண்டாமிடம் வேண்டும், மூன்றாமிடம் 82தான். அப்படியொரு நிலையில் யாரும் நான்காவது, ஐந்தாவது இடத்தில் பத்திரமாக வலம் வரமாட்டார்கள். துணிந்து முந்தப் பார்த்திருப்பார், வென்றிருக்கலாம், சுழன்று வெளியே போயிருக்கலாம். எனவே "பழைய முறை என்றால் மாசா சாம்பியன்" என்று சொல்ல முடியாது. "அதே முடிவுகளைப் பழைய முறையில் கூட்டினால் மாசாவுக்கு அதிகம் வரும்" என்று மட்டும் சொல்லலாம்.

2010 முறையில் இன்னொரு வேடிக்கை. மொத்தம் 243-240, ஹாமில்டனுக்கே. ஆனால் பந்தயத்துக்கு முன் 233-215. மாசா வென்றால் 240. ஹாமில்டன் ஆறாவதாக வந்திருந்தாலே 241. குளோக்கை முந்திய அந்தப் புகழ்பெற்ற நொடிக்கு அவசியமே இருந்திருக்காது.

இனி அதிவேக லேப் புள்ளி, அதாவது பந்தயத்தில் ஒரு சுற்றை மிகக் குறைந்த நேரத்தில் ஓட்டியவருக்குத் தரும் புள்ளி. 1950 முதல் 1959 வரை ஒரு புள்ளி உண்டு. 2019 முதல் 2024 வரை மீண்டும் இருந்தது, ஆனால் முதல் பத்துக்குள் முடித்தவருக்கு மட்டும். 2025 முதல் இல்லை. இரண்டையும் ஒரே அளவாக எடுப்பது தவறு. ஐம்பதுகளில் வெற்றிக்கு 8, அதில் ஒரு புள்ளி எட்டில் ஒரு பங்கு. அண்மைக் காலத்தில் அது 25இல் ஒன்று.

1958இல் மைக் ஹாதார்ன் 42, ஸ்டிர்லிங் மாஸ் 41. ஹாதார்னுக்கு ஒரு வெற்றி, மாஸுக்கு நான்கு. ஹாதார்ன் ஐந்து அதிவேக லேப் எடுத்தார், மாஸ் மூன்று. எனவே ஐந்தையும் மூன்றையும் கழித்தால் 37-38, மாஸ் சாம்பியன் என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். தவறு. அந்த ஆண்டு சிறந்த ஆறு முடிவுகள் மட்டுமே கணக்கில் சேரும். ஹாதார்ன் மொனாக்கோவில் எடுத்த ஒரு புள்ளி ஏற்கெனவே தள்ளுபடியாகிவிட்டது. ஆகவே அவருக்கு நான்குதான் குறையும்: 38-38, சமநிலை. முடிவுகளைத் தள்ளும் விதி இருந்த எந்த ஆண்டிலும் இந்தக் கண்ணி உண்டு. 1988இல் ப்ரோஸ்ட் மொத்தம் 105, சென்னா 94 எடுத்தார்கள். 11 முடிவுகளை மட்டும் எண்ணியபோது சென்னா 90, ப்ரோஸ்ட் 87.

1958இல் ஜெர்மனியில் மாஸ் பாதியில் நின்றுபோன பந்தயத்திலும் அதிவேக லேப்புக்கு அவருக்கு ஒரு புள்ளி கிடைத்தது. 2019 விதியில் அது கிடைத்திருக்காது. 2024 சிங்கப்பூரில் இந்த நிபந்தனைதான் வேறுவிதமாக வேலை செய்தது. பட்டத்துக்கு ரெட்புல்லின் வெர்ஸ்டாப்பனோடு மோதிய நாரிஸ் வென்றுகொண்டிருந்தார், அதிவேக லேப்பும் அவரிடம் இருந்தது. ரெட்புல்லின் துணை அணியில் இருந்த ரிக்கியார்டோ கடைசியில் மென்மையான டயர் மாட்டி அதைப் பறித்தார். அவர் 18ஆவதாக முடித்ததால் புள்ளி யாருக்குமே போகவில்லை, நாரிஸுக்கு ஒன்று குறைந்தது. ஆகவே இந்தப் புள்ளியைச் சேர்த்துக் கொடுப்பதாக மட்டும் நினைக்கக் கூடாது, போட்டியாளரிடமிருந்து எடுத்துவிடவும் அது உதவும்.

2008க்கு இந்தப் புள்ளியைப் போட்டுப் பார்த்தால்? மாசா மூன்று அதிவேக லேப், ஹாமில்டன் ஒன்று. நான்கிலும் முதல் பத்துக்குள் முடித்தவர்கள். அன்றைய 10-8-6 முறையோடு சேர்த்தால் மாசா 100, ஹாமில்டன் 99. பட்டம் கைமாறுகிறது. இன்றைய 25 புள்ளி முறையோடு சேர்த்தால் 244-243, ஹாமில்டனிடமே இருக்கிறது. முதல் கணக்கைப் பார்த்துத் துள்ள வேண்டாம். அந்த ஆண்டு 18 பந்தயங்களில் 10 அதிவேக லேப்களை எடுத்தவர் மாசாவின் பெராரி அணியிலேயே இருந்த ராய்க்கோனன். புள்ளி இல்லாத காலத்தில் அது தற்செயலாக விழும் எண். புள்ளி இருந்திருந்தால் கடைசி லேப்களில் யார் டயர் மாற்றியிருப்பார்கள், பெராரி ராய்க்கோனனை ஒதுங்கச் சொல்லியிருக்குமா என்பதெல்லாம் முடிவுப் பட்டியலில் இல்லை.