கனடா கிளம்பும் முன் வீட்டுச் சாமான் பட்டியல்: எங்கே சறுக்குகிறார்கள்

மதுரையிலிருந்து குடும்பத்தோடு கனடா கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அறை அறையாகத்தான் பட்டியல் போடுகிறார்கள். ஹாலில் இது, அடுப்படியில் அது, பரணில் மிச்சம். பக்கத்தில் 'விற்க', 'கொண்டுபோக' என்று ஒரு டிக். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அதை அப்படியே கனடா சுங்க அதிகாரியிடம் நீட்ட முடியாது. எந்தப் பொருள் எந்தத் தேதியில் வீட்டைவிட்டுப் போகிறது என்பதும் அதில் இருக்காது.

திருநகரில் இருக்கும் என் தங்கை வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை முதலில் இரண்டு பெட்டியோடு போகிறார். தங்கையும் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் முடிந்ததும் போகிறார்கள். சாமான்கள் அதற்கப்புறம் தூத்துக்குடி வழியாகக் கப்பலில். "பட்டியலைச் சாமான் வந்து சேரும்போது கொடுத்தால் போதும்தானே?" என்றார் மாப்பிள்ளை. போதாது. நிறையப் பேர் செய்யும் தவறு இதுதான். நிரந்தரக் குடியேறியாக முதல்முறை போய் இறங்கும் அன்றே இரண்டு பட்டியல் கொடுக்க வேண்டும்: கையோடு வருபவை ஒன்று, பின்னால் வரப்போகிறவை இன்னொன்று. கையில் ஒரு சாமானும் இல்லாவிட்டாலும் இரண்டாவது பட்டியலைக் கொடுத்தே ஆக வேண்டும். அதற்கான படிவத்தின் எண் BSF186. அதிகாரி அதைப் பதிவு செய்து ஒரு பிரதி தருவார். கப்பல் வந்ததும் சரக்கை எடுக்கப் போகும்போது அந்தப் பிரதியைக் காட்ட வேண்டும். பட்டியலில் ஏறாத பொருளுக்கு வரி கேட்க இடமிருக்கிறது.

அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் மதிப்பு வேண்டும்; மின்சாதனம் என்றால் பிராண்ட், மாடல், சீரியல் நம்பரும் வேண்டும். 'பாத்திரங்கள், ஒரு மூட்டை' என்று எழுதுவது உதவாது. நகைக்கு நகை மதிப்பீட்டாளர் எழுதிக்கொடுத்த வாசகத்தையே போட்டு, அவர் கையெழுத்திட்ட போட்டோவையும் சேர்த்துவிடுங்கள். 'செயின் 1, வளையல் 4' என்று எழுதினால் எந்தச் செயின், எந்த வளையல் என்ற கேள்வி அங்கே வரும்.

இன்னொரு விதியும் உண்டு. வரியில்லாமல் போக வேண்டுமானால் அந்தப் பொருள் உங்களுடையதாக, உங்கள் கையில் இருந்து, நீங்கள் உபயோகித்ததாக இருக்க வேண்டும். புறப்படும் வாரம் புதுப் பாத்திரங்களை வாங்கி சீல் பிரிக்காமல் அடுக்குவது நம் ஊர்ப் பழக்கம். அங்கே அது புதுச் சரக்காகத்தான் கணக்காகும். வாங்கினால் பிரித்து, நாலு நாள் சமைத்துவிட்டுக் கட்டுங்கள். கல்யாணப் பரிசுகளுக்கு மட்டும் இந்த உபயோகிக்கும் நிபந்தனை இல்லை.

அடுத்தது கிரைண்டர். அதை விட்டுப் போக யாருக்கும் மனசு வருவதில்லை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை ஏற்றித் தரும், ஹெர்ட்ஸை மாற்றாது. கிரைண்டரில் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டார் ஹெர்ட்ஸைப் பார்த்தே சுற்றும் என்பதால், அங்கே ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும். மிக்ஸி மோட்டார் வேறு வகை, டிரான்ஸ்ஃபார்மரில் ஓடிவிடும். ஆனால் 750 வாட் மிக்ஸிக்கு அதைவிட நன்றாகவே பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அந்தக் கனத்தைச் சமையல் மேடையில் வைத்துக்கொண்டு யார் சட்னி அரைப்பது? 110 வோல்ட் மாடலாகவே வாங்கிக்கொள்வது நல்லது. தங்கையின் கிரைண்டர் 'கொடுப்பது' பக்கம் போனது. தோசைக்கல் 'கப்பல்' பக்கம், ஏனென்றால் அடி தட்டையான இரும்புக்கல் இண்டக்‌ஷன் அடுப்பிலும் சூடாகும். அலுமினிய இட்லிச் சட்டி சாதாரண எலெக்ட்ரிக் அடுப்பில் வேலை செய்யும், இண்டக்‌ஷனில் செய்யாது. அடி உருண்டையான வாணலி எதன்மேலும் நிற்காது, அது இங்கேயே இருக்கட்டும்.

கப்பலில் மற்றவர்களோடு ஒரு கன்டெய்னரைப் பங்குபோட்டு அனுப்பினால் வீட்டுச் சாமானுக்குப் பெரும்பாலும் கன அளவில்தான் காசு. ஒரு கன மீட்டர் என்பது சுமார் 35 கன அடி. ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள இரும்பு பீரோ ஏறத்தாழ 29 கன அடியை அடைத்துக்கொள்ளும். அதே கன அளவுக்கு ஒன்றரை அடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடி அட்டைப்பெட்டி 19 அனுப்பலாம். பீரோவை அனுப்பாதீர்கள் என்று சொல்ல இந்தக் கணக்கே போதும். அதே காரணத்தால் புத்தகம் கப்பலுக்கு ஏற்றது, விமானத்துக்கு ஏற்றதல்ல. விமானத்தில் கிலோவுக்குத்தான் காசு.

பாட்டி காலத்துச் சாமானில்தான் பெரிய சிக்கல். 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி, 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், கலைப்பொருள் போன்றவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மதிப்புள்ள ஏட்டுச்சுவடி, கையெழுத்துப்படி என்றால் 75 வருஷம். பூஜையறையின் பழைய பித்தளை விக்கிரகம், செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த மர வேலைப்பாடு, கண்ணாடிச் சட்டமிட்ட தஞ்சாவூர்ப் படம் இதெல்லாம் அதிகாரி கண்ணில் பட்டால் கேள்வி வரும். 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்பே வாங்கி வைக்க வேண்டும். வயது தெரியாத பொருள் என்றால் வீட்டில் பெரியவர்களிடம் விட்டுப் போவதே நிம்மதி. 'இது வேண்டாம்' என்று அவசரத்தில் வெண்கலக்கடைத் தெருவில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அதுவும் தவறுதான்.

இங்கே விட்டுப்போகும் சாமானில், "இப்போதைக்கு அம்மா வீட்டில் இருக்கட்டும்" என்று விடுவதுதான் ஆபத்து. இன்வெர்ட்டர் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றாமல் மாதக்கணக்கில் போட்டால் வீணாகிவிடும். அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் போட்ட புத்தகத்தைக் கரையான் தின்னும். பித்தளைப் பாத்திரம், அம்மி, ஆட்டுக்கல் எத்தனை வருஷமானாலும் அப்படியே இருக்கும். மூலப்பத்திரம், பட்டா எல்லாம் லாக்கருக்கு. ஆனால் ஏழு வருஷம் யாரும் திறக்காமல், லாக்கர்காரரையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், வாடகை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் வங்கி லாக்கரைத் திறக்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஊரில் இருக்கும் ஒருவரையும் லாக்கரில் சேர்த்துவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை போய்த் திறந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

விற்பது, கொடுப்பது இரண்டிலும் தேதி எழுதாததுதான் குழப்பத்துக்கு வேர். நல்ல விலைக்கு ஆள் கிடைத்தது என்று இரண்டு வாரம் முன்னாடியே ஃப்ரிட்ஜைக் கொடுத்துவிட்டு, சித்திரை வெயிலில் தினமும் பால் திரிவதைப் பார்த்துக்கொண்டு இருந்த வீடு எனக்குத் தெரியும். முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள், பொருளைக் கடைசி நாளில் எடுக்கச் சொல்லுங்கள். கொடுப்பதிலும் பெயரை எழுதுங்கள். "வாஷிங் மெஷின் உனக்குத்தான்" என்று அண்ணியிடமும் நாத்தனாரிடமும் தனித்தனியாகச் சொல்லி வைத்தால், கிளம்பும் அன்று அழுகை இரண்டு மடங்காகும்.

காஸ் சிலிண்டர் விற்கும் பொருள் அல்ல. சிலிண்டர், ரெகுலேட்டர், இணைப்பு வாங்கியபோது தந்த ரசீது மூன்றையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் திரும்ப வரும். இதையும் கடைசி வாரத்தில் செய்யுங்கள், அதுவரை சமைக்க வேண்டுமே. பைக்கை விற்பதானால் மட்டும் முன்கூட்டியே தொடங்குங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு வாங்குபவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினால், அவர் ஆர்.டி.ஓ. பக்கம் போகாதவரை பதிவில் உங்கள் பெயர்தான் இருக்கும். விபத்து நடந்தால் பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. பரிவாகன் தளத்தில் புதுப்பெயர் ஏறியதைப் பார்த்த பிறகுதான் பட்டியலில் அந்த வரியை அடிக்கலாம்.