செய்முறைப் பகுதி முழுக்கச் சிவப்பா? ஆய்வகக் குறிப்பேட்டை எடுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அக்கா மகள் மடிக்கணினியோடு வந்து நின்றாள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு. தேக்காச் சந்தையில் வாங்கிய முருங்கை இலையைக் காயவைத்து, அதில் பீனாலிக் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளந்திருக்கிறாள். "மாமா, ஒப்புமை அறிக்கையில செய்முறைப் பகுதி மொத்தமும் சிவப்பா வருது. ஆனா நான் அதைத்தானே செஞ்சேன்? வேற எப்படி எழுதுறது?"

நான் உணவு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். இந்தக் கேள்வியை வருடத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். அவளோடு உட்கார்ந்து செய்ததையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அவள் எழுதியது ஆங்கிலத்தில். உதாரண வரிகளைத் தமிழில் தருகிறேன், அளவுகள் மாறாமல்.

படி 1: சதவீதத்தை விட்டுவிட்டு, வண்ணமிட்ட வரிகளைப் பாருங்கள்

டர்னிடின் போன்ற மென்பொருள் செய்வது ஒன்றுதான். உங்கள் சொற்தொடர்கள் வேறெங்காவது அதே வரிசையில் இருக்கின்றனவா என்று தேடி வண்ணமிடும். நீங்கள் திருடினீர்களா என்பது அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வண்ணப் பகுதியையும் சொடுக்கிப் பார்த்து, மூன்று வகையாகப் பிரியுங்கள்.

முதல் வகை வெறும் பெயர்: "ஃபோலின்–சியோகால்ட்டு கரைசல்", "காலிக் அமிலத்துக்குச் சமமான மில்லிகிராம்". இதைத் தொடவே கூடாது. இரண்டாவது, எல்லாரும் ஒரே மாதிரி எழுதும் குட்டித் தொடர்: "765 நானோமீட்டரில் அளக்கப்பட்டது". இதற்கும் பதற வேண்டாம். அமெரிக்காவின் ஆய்வு நேர்மை அலுவலகமே, பரவலாகப் பயன்படும் செய்முறையை விவரிக்கும் ஒத்த தொடர்கள் ஓரளவு வந்தால் பொதுவாக அதைத் திருட்டு வழக்காக எடுப்பதில்லை என்று சொல்லியிருக்கிறது. உங்கள் கல்லூரி விதி இன்னும் கடுமையாக இருக்கலாம், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வகைதான் நமக்கு வேலை வைப்பது: நான்கைந்து வாக்கியங்கள் தொடர்ந்து ஒரே மூலத்தோடு பொருந்துவது.

அவளுடைய பத்தி இப்படி இருந்தது:

> சாறு 4000 rpm வேகத்தில் 10 நிமிடம் சுழற்றப்பட்டு மேல்தெளிவு எடுக்கப்பட்டது. 0.5 மில்லிலிட்டர் சாறு, பத்து மடங்கு நீர்த்த ஃபோலின் கரைசல் 2.5 மில்லிலிட்டருடன் கலக்கப்பட்டது. 5 நிமிடம் கழித்து 7.5% சோடியம் கார்பனேட் 2 மில்லிலிட்டர் சேர்க்கப்பட்டது. கலவை அறை வெப்பநிலையில் 30 நிமிடம் இருட்டில் வைக்கப்பட்டது. 765 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வு அளக்கப்பட்டது. அளவீடுகள் மும்முறை செய்யப்பட்டன.

முழுதும் ஒரே கட்டுரையோடு பொருந்தியது.

படி 2: அகராதியை மூடுங்கள்

என்னிடம் வருமுன் அவள் ஒரு முயற்சி செய்திருந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் வேறொரு சொல். "மேல்தெளிவு" என்பது "மிதக்கும் திரவம்" ஆகிவிட்டது. ஒளி உட்கவர்வு "ஒளி விழுங்கல்". எல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து, இருட்டில் வைப்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்கு அடைகாத்தல் என்றும் பொருள் உண்டு, அதனால் முருங்கைச் சாறு அரை மணி நேரம் அடைகாக்கப்பட்டது!

சிரிப்பு வந்தாலும் விஷயம் சிரிப்புக்குரியது இல்லை. 2021-இல் கபனாக், லபே, மகசினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெளியான கட்டுரைகளிலேயே இப்படிப்பட்ட சொற்களைத் தேடித் திரட்டினார்கள். மார்பகப் புற்றுநோயை "மார்பு ஆபத்து" என்ற பொருளில் எழுதியவர்கள்கூட அகப்பட்டார்கள். இத்தகைய தொடர்களுக்கு "சித்திரவதைத் தொடர்கள்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். துறைச்சொல்லை மாற்றினால் வண்ணம் போகும், ஆனால் படிப்பவர் உடனே உங்களைச் சந்தேகிப்பார்.

ஆகவே முதலில் ஒரு தாளில், மாற்றவே கூடாத பூட்டுச்சொற்களை எழுதுங்கள். கருவி, கரைசல், அளவை, அலகு, புள்ளியியல் சொல் எல்லாம் அதில் வரும். "உலர் எடை" என்பதை "எடை" என்று சுருக்கினால்கூடத் தப்பு. பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீர். எந்த எடை என்று சொல்லாவிட்டால் முடிவு பல மடங்கு மாறிப் படிக்கப்படும்.

படி 3: பத்தியை மறைத்துவிட்டு, குறிப்பேட்டிலிருந்து எழுதுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முழு வேலையும். மூல வாக்கியத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு மாற்றினால் அதன் எலும்புக்கூடு அப்படியே இருக்கும். நீங்கள் எழுதவேண்டியது அவர்கள் செய்ததை அல்ல, நீங்கள் செய்ததை. "உன் குறிப்பேட்டை எடு" என்றேன். அவள் எடுத்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

ஏனென்றால் அவள் 0.5 மில்லிலிட்டர் எடுக்கவே இல்லை. 96 குழித் தட்டில் செய்திருக்கிறாள்: சாறு 20 மைக்ரோலிட்டர், ஃபோலின் கரைசல் 100, கார்பனேட் 80. இருட்டில் வைத்தது 30 நிமிடம் அல்ல, 60. அறை வெப்பநிலை? வெளியே 31 டிகிரி, குளிரூட்டிய ஆய்வகத்தில் 24. சிங்கப்பூரில் "அறை வெப்பநிலை" என்பது எந்த அறை என்பதைப் பொறுத்தது, எண்ணையே போட்டுவிடுங்கள்.

அதாவது ஒப்புமை அறிக்கை பிடித்தது இரவல் வாக்கியத்தை. அது பிடிக்காதது, அந்த வாக்கியம் பொய் என்பதை. இரவல் செய்முறையில் அடிக்கடி நடப்பது இது.

படி 4: அளவையும் வரிசையையும் கவனித்து எழுதுங்கள்

இங்கே மூன்று இடத்தில் கால் வழுக்கும்.

ஒன்று, சுழற்சி வேகம். "4000 rpm" என்பதைக் கொஞ்சம் வேறு மாதிரி எழுதுகிறேன் என்று "4000 × g" என்று போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்னது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது, பின்னது சாற்றின் மேல் விழும் விசை புவியீர்ப்பைப்போல் எத்தனை மடங்கு என்பது. இரண்டும் ஒன்றல்ல. மாற்றவேண்டுமானால் கணக்குப் போட வேண்டும்:

```
RCF = 1.118 × 10⁻⁵ × r × rpm²
r = 10 cm, rpm = 4000
RCF ≈ 1790 × g
```

RCF என்பது அந்த விசை மடங்கு, r என்பது சுழலியின் ஆரம், சென்டிமீட்டரில். கருவியின் கையேட்டில் இருக்கும். இப்படி எழுதினால் வாக்கியம் உங்களுடையதாகிறது, வேறு சுழலி வைத்திருப்பவரும் அதைத் திரும்பச் செய்ய முடிகிறது.

இரண்டு, வரிசை. நடைக்காகச் சிலர் "சோடியம் கார்பனேட்டைச் சேர்த்து, ஃபோலின் கரைசலுடன் கலந்து" என்று புரட்டிப் போடுவார்கள். பீனால்கள் வினைபுரியக் காரத்தன்மை வேண்டும், அதற்குத்தான் கார்பனேட். ஆனால் ஃபோலின் கரைசல் காரத்தில் நிலைக்காது, சிதையத் தொடங்கும். அதனால்தான் அது சாற்றோடு முதலில் சேர்ந்திருக்க வேண்டும். வாக்கியத்தைத் திருப்பலாம், செயலைத் திருப்பக்கூடாது.

மூன்று, "மும்முறை". மூன்று தடவை இலையிலிருந்து சாறு எடுத்தாயா, ஒரே சாற்றை மூன்று குழியில் ஊற்றினாயா? இரண்டுக்கும் எல்லாரும் இதே சொல்லைத்தான் போடுகிறார்கள். முதலாவது இலைக்கு இலை வரும் வேறுபாட்டைக் காட்டும். இரண்டாவது உங்கள் கை எவ்வளவு நிதானம் என்பதை மட்டும் காட்டும். அவள் செய்தது இரண்டாவது.

மூல முறையைக் குறிப்பிடுவதிலும் ஒரு வார்த்தை. இதற்கு எல்லாரும் சிங்கிள்டன், ரோஸி இருவரின் 1965 கட்டுரையைக் காட்டுவார்கள். அந்தக் கட்டுரையில் குழித் தட்டு கிடையாது, அளவுகளும் வேறு. "சிறு மாற்றங்களுடன்" என்று எழுதிவிட்டு எந்த மாற்றம் என்று சொல்லாமல் போவது ஏமாற்று வேலை. மாற்றத்தைச் சொல்லுங்கள், உண்மையில் எந்தப் பிற்காலக் கட்டுரையைப் பார்த்துச் செய்தீர்களோ அதையும் குறிப்பிடுங்கள்.

அவள் எழுதியது:

> சாற்றை 1790 × g விசையில் (ஆரம் 10 செ.மீ.) 10 நிமிடம் சுழற்றினோம். பீனாலிக் அளவுக்கு ஃபோலின்–சியோகால்ட்டு முறையை (சிங்கிள்டன், ரோஸி, 1965) 96 குழித் தட்டுக்கு ஏற்பச் சுருக்கினோம்: குழிக்கு 20 மைக்ரோலிட்டர் மேல்தெளிவு, அதன்மேல் 0.2 N ஃபோலின் கரைசல் 100 மைக்ரோலிட்டர், 5 நிமிடம் கழித்து 7.5% சோடியம் கார்பனேட் 80 மைக்ரோலிட்டர். தட்டை 24 டிகிரி செல்சியஸில் இருட்டில் 60 நிமிடம் வைத்தபின் 765 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வைப் படித்தோம். ஒரே சாற்றுக்கு மூன்று குழிகள். அவற்றின் சராசரி தரப்பட்டுள்ளது.

"பத்து மடங்கு நீர்த்த" என்பது 0.2 N ஆனதைக் கவனித்திருப்பீர்கள். கடையில் வரும் கரைசல் 2 N. ஒரு பங்கோடு ஒன்பது பங்கு தண்ணீரா, பத்துப் பங்கா என்ற குழப்பம் அதோடு ஒழிந்தது.

படி 5: கூடப் படிப்பவரிடம் கொடுத்துப் பாருங்கள்

மூலத்தைக் காட்டாமல், புதுப் பத்தியை மட்டும் ஆய்வகத் தோழியிடம் கொடுத்து, "இதை வைத்து என்னென்ன எடுத்து வைப்பாய், எந்த வரிசையில் செய்வாய், எழுதிக் கொடு" என்று கேளுங்கள். அவர் எழுதியது உங்கள் குறிப்பேட்டோடு ஒத்துப்போனால் பொருள் சிதையவில்லை. எங்கே தடுமாறுகிறாரோ அந்த வாக்கியத்தை மட்டும் திருத்துங்கள்.

அதன்பிறகே மீண்டும் பதிவேற்றுங்கள். டர்னிடினில் ஒரே பணியில் முதல் மூன்று பதிவேற்றங்களுக்கு மேல் போனால், அடுத்த அறிக்கைக்கு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். கடைசி நாள் இரவில் ஒவ்வொரு சொல்லாக மாற்றிச் சோதிப்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். வெள்ளை நிறத்தில் எழுத்தை ஒளிப்பது, வேறு மொழியின் ஒத்த எழுத்தைச் சொருகுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். அது பிடிபட்டால் ஒற்றுமை என்று பார்க்க மாட்டார்கள், மோசடி என்றுதான் பார்ப்பார்கள்.

அவளுடைய புது அறிக்கையில் கரைசல் பெயர்களும் "7.5% சோடியம் கார்பனேட்", "765" போன்ற துண்டுகளும் மட்டும் வண்ணமாக நின்றன. "இதையும் மாத்தணுமா மாமா?" என்றாள். "765-ஐ என்னவாம்மா மாத்துவ?" என்றேன்.

வழிகாட்டும் ஆசிரியர் ஒற்றுமையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடைசி வரியைத்தான் வட்டமிட்டிருந்தார்: ஒரே சாறுதானா? சமர்ப்பிக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மறுநாள் காலை தேக்காவில் இன்னும் இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கினாள்.